லண்டனுக்குப் பதினான்கு மணி நேரம் முந்தும் லண்டன்

பசிபிக் பெருங்கடலின் நட்டநடுவில், நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, லண்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. தென்னை மரங்களும் வெண்மணலும் காயலுமாகக் கிடக்கும் பவழத் தீவொன்றில் அது ஒரு சிற்றூர். காயல் கடலோடு சேரும் வாய்க்கு எதிர்ப்பக்கம் பாரிஸ் என்று இன்னோர் ஊர் இருந்தது. இன்று அங்கே யாரும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னந்தோப்பு போடுவதற்காகத் தீவையே குத்தகைக்கு எடுத்த பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் வைத்த பெயர்கள் இவை.

ஆண்டுதோறும் உலகத்தில் புத்தாண்டு முதலில் பிறப்பது இந்தத் தீவிலும் இதன் அண்டைத் தீவுகளிலும்தான். இந்த லண்டனில் நள்ளிரவு மணி பன்னிரண்டு அடிக்கும்போது இங்கிலாந்தின் லண்டனில் டிசம்பர் 31 காலை பத்து மணி. சென்னையில் அன்று பிற்பகல் மூன்றரை மணி. அலுவலகங்களில் அப்போதுதான் தேநீர் வந்துகொண்டிருக்கும்.

தீவின் பெயர் கிரிட்டிமாட்டி. எழுதுவது அப்படி, வாசிப்பது கிரிஸ்மஸ். அந்த மக்களின் மொழியில் 'டி' என்று எழுதும் இடத்தில் 'ஸ்' என்ற ஒலி வரும். அவர்களுடைய நாட்டின் பெயரை நம் செய்தித்தாள்கள் கிரிபாட்டி என்று அச்சிடுகின்றன. அவர்கள் வாயில் அது கிரிபாஸ். 1777-இல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கேப்டன் ஜேம்ஸ் குக் இங்கே வந்து நங்கூரமிட்டதால் தீவுக்கு இந்தப் பெயர். இந்துமாக் கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவு வேறு. அங்கே புத்தாண்டு வருவதற்கு இன்னும் ஏழு மணி நேரம் ஆகும். கிரிட்டிமாட்டியில் வாழ்வோர் ஏழாயிரம் பேருக்குச் சற்று மேல்.

இனி உலக வரைபடத்தில் கிரிட்டிமாட்டியின் மேல் விரலை வைத்து நேர்வடக்கே நகர்த்திப் பாருங்கள். சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போகும் தூரம் போனால் விரல் ஹவாய்த் தீவுகளைத் தொடும். ஹோனலூலு நகரமும் கிரிட்டிமாட்டியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. இரண்டு ஊரிலும் சூரியன் உச்சிக்கு வருவது கிட்டத்தட்ட ஒரே நேரத்தில். கடிகாரமும் இரண்டு ஊரிலும் ஒரே மணியைத்தான் காட்டுகிறது. நாட்காட்டி மட்டும் வேறு. கிரிட்டிமாட்டியில் ஜனவரி 1 பிறக்கும் அதே நொடியில் ஹோனலூலுவில் டிசம்பர் 31 பிறக்கிறது. உலகத்திலேயே முதலில் புத்தாண்டு காணும் ஊருக்கும், ஏறக்குறையக் கடைசியில் காணும் ஊருக்கும் இடையே சூரியன் எந்த வேறுபாடும் வைக்கவில்லை. அந்த முழு நாள் இடைவெளி மனிதர்கள் வைத்தது. எப்படி வைத்தார்கள் என்பதில்தான் இந்தக் கதையின் சுவை இருக்கிறது.

பூமி ஒரு சுற்றுச் சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. 360 பாகையை 24-ஆல் வகுத்தால் மணிக்கு 15 பாகை. இங்கிலாந்தின் கிரீனிச்சிலிருந்து கிழக்கே போகப் போக, 15 பாகைக்கு ஒரு மணி வீதம் கடிகாரம் முந்தும். மேற்கே போனால் அதேபோல் பிந்தும். உலகத்தின் மறுபக்கத்தில், 180 பாகையில், கிழக்கே போனவரும் மேற்கே போனவரும் சந்திக்கிறார்கள். ஒருவர் 12 மணி முந்தி நிற்கிறார், மற்றவர் 12 மணி பிந்தி நிற்கிறார். இருவர் கடிகாரத்திலும் முள் ஒரே இடத்தில்தான் இருக்கும், தேதி மட்டும் ஒரு நாள் விலகியிருக்கும். அந்த விலகலை எங்கேனும் ஓரிடத்தில் இறக்கி வைத்தாக வேண்டும். அப்படி இறக்கி வைத்த இடம்தான் சர்வதேச தேதிக் கோடு.

இந்தக் கணக்கு முதன்முதலில் மனிதர்களைத் திகைக்க வைத்தது 1522-இல். மெகல்லனின் பயணத்தில் மிஞ்சியவர்கள் உலகத்தைச் சுற்றிவிட்டு ஸ்பெயினை நோக்கித் திரும்பும் வழியில், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேப் வெர்டே தீவுகளில் உணவுக்காக நிறுத்தினார்கள். அன்று புதன்கிழமை என்று கப்பலில் எல்லோரும் நம்பியிருக்க, கரையில் இருந்தவர்களுக்கு அது வியாழக்கிழமை. கப்பலில் நாட்குறிப்பு எழுதிவந்த அந்தோனியோ பிகஃபெத்தா ஒரு நாளைக்கூட விடாமல் எழுதியிருந்தார். அவர் எண்ணிக்கையில் தவறில்லை. சூரியன் போகும் திசையிலேயே மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்ததால் அவர்களுடைய ஒவ்வொரு நாளும் சில நிமிடங்கள் நீண்டது. மூன்று ஆண்டுகளில் அந்த நிமிடங்கள் சேர்ந்து ஒரு முழு நாளை விழுங்கிவிட்டன.

தேதிக் கோட்டை ஏதோ உலக மாநாடு கூடி வரைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீனிச்சைத் தொடக்கமாக ஏற்றதே தவிர, தேதிக் கோட்டை வரையறுக்கவில்லை. இன்றுவரை அதற்கென ஓர் ஒப்பந்தம் கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் எல்லைக்குள் என்ன தேதி, என்ன மணி என்று தானே முடிவு செய்கிறது. வரைபடம் வரைபவர்கள் அந்த முடிவுகளைப் பார்த்துக் கோட்டை வளைக்கிறார்கள். அதனால்தான் 180 பாகையில் நேராகப் போக வேண்டிய கோடு பசிபிக்கில் மேலும் கீழும் முடங்கி முடங்கி ஓடுகிறது.

ஒரு நாடு தன் முடிவை மாற்றிக்கொண்டால்? அங்கே ஒரு நாள் காணாமல் போகும், அல்லது ஒரே நாள் இரண்டு முறை வரும். பிலிப்பைன்ஸில் 1844 டிசம்பர் 31 என்ற நாளே இல்லை. ஸ்பானியர்கள் மெக்சிகோ வழியாகப் பசிபிக்கைக் கடந்து அங்கே வந்தவர்கள். ஆகவே ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக அந்தத் தீவுகள் அமெரிக்கக் கண்டத்தின் தேதியையே பின்பற்றின. பக்கத்துச் சீனத் துறைமுகத்தைவிட ஒரு நாள் பின்தங்கிய தேதி அது. மெக்சிகோ ஸ்பெயினிடமிருந்து பிரிந்து, வணிகம் ஆசியாவின் பக்கம் திரும்பிய பிறகு அந்தத் தேதியால் தொல்லைதான் மிஞ்சியது. ஆளுநர் நார்சிசோ கிளாவேரியா ஆணை போட்டார். டிசம்பர் 30 திங்கட்கிழமை இரவு படுத்தவர்கள் 1845 ஜனவரி 1 புதன்கிழமையில் எழுந்தார்கள்.

கிரிபாஸின் சிக்கல் இதைவிடக் கடுமையானது. 1979-இல் விடுதலை பெற்ற அந்த நாடு மூன்று தீவுக் கூட்டங்களால் ஆனது. தலைநகர் தராவா இருக்கும் கில்பர்ட் தீவுகள் மேற்கே. நடுவில் ஃபீனிக்ஸ் தீவுகள். தராவாவிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், கிழக்கே, கிரிட்டிமாட்டி உள்ளிட்ட லைன் தீவுகள். தேதிக் கோடு இந்த நாட்டின் ஊடாகவே போயிற்று. தராவாவில் திங்கட்கிழமை காலை அலுவலகம் திறந்தால் கிரிட்டிமாட்டியில் ஞாயிறு; எல்லோரும் தேவாலயத்தில். கிரிட்டிமாட்டியில் வெள்ளிக்கிழமை அலுவலகம் நடந்தால் தராவாவில் சனி, எல்லோரும் வீட்டில். வாரத்துக்கு நான்கு நாள்தான் நாட்டின் ஒரு பாதியும் மறுபாதியும் அரசுவேலை பேச முடிந்தது. அந்த நான்கு நாளிலும் கடிகாரங்களுக்கு இடையே 22 மணி நேர வேறுபாடு.

1994-இல் அதிபர் தேர்தலில் நின்ற தெபுரோரோ தீத்தோ இதைச் சரிசெய்வேன் என்று வாக்குக் கொடுத்தார், வென்றதும் செய்தார். 1994 முடிந்து 1995 பிறக்கும் தறுவாயில் ஃபீனிக்ஸ், லைன் தீவுகளின் நாட்காட்டியில் ஒரு நாள் நீக்கப்பட்டது. கிரிட்டிமாட்டியின் கடிகாரம் கிரீனிச்சுக்கு 10 மணி பின்னே இருந்தது, 14 மணி முன்னே வந்துவிட்டது. கடிகார முள்ளைத் தொட வேண்டியிருக்கவில்லை, தேதி ஒன்றுதான் மாறியது. தேதிக் கோடு கிழக்கே பெரிதாகப் புடைத்து, நாட்டை முழுதாக உள்ளே வாங்கிக்கொண்டது.

உலகத்தின் கணக்கும் அன்றோடு மாறிற்று. கிரீனிச்சுக்கு 12 மணி முன்னே தொடங்கி 12 மணி பின்னே முடிந்தால் புத்தாண்டு உலகைச் சுற்ற 24 மணி நேரம் போதும். 14 மணி முன்னே என்று ஒரு நாடு நகர்ந்ததால் அந்தச் சுற்று 26 மணி நேரம் ஆகிவிட்டது. 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது, புதிய ஆயிரமாண்டை முதலில் காண்பவர் யார் என்ற போட்டியில் மற்றத் தீவுகள் கிரிபாஸைக் குறை சொன்னதற்கும் இதுவே காரணம். கிரிபாஸ் விட்டுக்கொடுக்கவில்லை. லைன் தீவுகளில் கிழக்குக் கோடியில் இருக்கும் ஆளில்லாத கரோலின் தீவுக்கு மில்லேனியம் தீவு என்று பெயர் மாற்றி, 1999-இல் பாடகர்களையும் நடனக்காரர்களையும் கப்பலில் கொண்டுபோய் அங்கே விழா நடத்தியது. டோங்காவும் சும்மா இருக்கவில்லை. அந்த ஆண்டில் கோடைகாலத்துக்கென்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, தானும் 14-ஐ எட்டிப் பிடித்தது. சுற்றுலாப் பயணிகளின் ஆசை இதில் கலந்திருந்தது உண்மை. ஆனால் கிரிபாஸ் தேதியை மாற்றியது நாட்டை ஒரே வாரத்துக்குள் கொண்டுவரத்தான் என்று நான் நம்புகிறேன். வாரத்தில் மூன்று நாள் தலைநகரத்தோடு பேச முடியாத தீவில் ஓர் ஆசிரியரோ செவிலியரோ எப்படி வேலை செய்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தால் அந்த மாற்றத்தின் அவசியம் தெரியும்.

இனிப் புத்தாண்டோடு நாமும் மேற்கே புறப்படலாம். நம் கடிகாரத்தையே கையில் வைத்துக்கொள்வோம்.

பிற்பகல் 3.30-க்கு கிரிட்டிமாட்டி. 3.45-க்கு நியூசிலாந்தின் சாதம் தீவுகள். கால்மணி வித்தியாசத்தில் ஓடும் கடிகாரம் உலகில் மிகச் சில இடங்களில்தான் உண்டு, இது அவற்றில் ஒன்று. 4.30-க்கு நியூசிலாந்து, டோங்கா, சமோவா. ஆக்லாந்தின் 328 மீட்டர் உயர ஸ்கை டவரிலிருந்து வாணவேடிக்கை வெடிப்பதை நம் தொலைக்காட்சிகள் அந்தி சாய்வதற்கு முன்பே காட்டுவது அதனால்தான். அங்கே இருக்கும் தமிழர்களின் வாழ்த்துச் செய்தி நம் கைபேசிக்கு வரும் வேளையும் அது.

அதே 4.30-க்குத் தென்துருவத்திலும் ஜனவரி 1 பிறக்கிறது. எல்லாத் தீர்க்கரேகைகளும் கூடும் புள்ளி அது. எந்த நேரத்தை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். உணவும் ஆட்களும் நியூசிலாந்து வழியாக வருவதால் அங்குள்ள அமெரிக்க ஆய்வு நிலையம் நியூசிலாந்தின் நேரத்தைக் கடைப்பிடிக்கிறது. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கும் சூரியன் வானில் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். துருவத்தின் மேல் படர்ந்த பனிப்பாளம் ஆண்டுக்குப் பத்து மீட்டர் அளவில் நகர்வதால், துருவம் எங்கே என்று காட்டும் குறிக்கம்பமும் அதோடு நகர்ந்துவிடும். ஆண்டுதோறும் புத்தாண்டு நாளில் உண்மையான இடத்தை அளந்து, அங்கே புதிய கம்பம் ஒன்றை நடுகிறார்கள்.

5.30-க்கு ஃபிஜி. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள், நாந்தியில் சிவசுப்பிரமணியருக்குக் கோபுரம் எழுப்பியவர்கள், புத்தாண்டை நமக்கு ஆறரை மணி நேரம் முன்பே வரவேற்றுவிடுகிறார்கள். அந்நேரம் ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள கம்சாத்காவிலும் நள்ளிரவு. ரஷ்யாவுக்கு 11 நேர மண்டலங்கள். அதிபரின் புத்தாண்டு உரையை ஒவ்வொரு மண்டலத்திலும் நள்ளிரவுக்குச் சற்று முன்பு ஒளிபரப்புகிறார்கள். கம்சாத்காவில் கேட்ட அதே உரையை மேற்குக் கோடியில் இருக்கும் கலினின்கிராட் மக்கள் பத்து மணி நேரம் கழித்துக் கேட்கிறார்கள்.

6.30-க்கு சிட்னி. 8.30-க்கு ஜப்பான்; அங்கே வாணவேடிக்கையைவிட மணியோசைதான் புத்தாண்டு. பௌத்தக் கோயில்களில் பெரிய வெண்கல மணியை ஒரு மரக்கட்டையால் 108 முறை அடிப்பார்கள். மனிதனின் ஆசாபாசங்கள் 108 என்பது அவர்கள் கணக்கு. பல கோயில்களில் 107 அடிகள் பழைய ஆண்டில் முடிந்து, கடைசி அடி புதிய ஆண்டில் விழும்.

9.30-க்கு சிங்கப்பூரும் மலேசியாவும் சீனாவும். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். சிங்கப்பூர் இருக்கும் தீர்க்கரேகைக்கு உரிய நேரம் கிரீனிச்சுக்கு 7 மணி முன்னே. கடிகாரம் காட்டுவது 8 மணி முன்னே. தீபகற்ப மலேசியா ஏழரையிலும் போர்னியோ பக்கத்துச் சபா, சரவாக் மாநிலங்கள் எட்டிலும் இருந்ததால், நாடு முழுவதையும் எட்டுக்குக் கொண்டுவர மலேசியா முடிவு செய்தது. சிங்கப்பூரும் உடன் சேர்ந்தது. மாற்றத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த நாள் 1981 டிசம்பர் 31. அன்றிரவு மணி பதினொன்றரை ஆனதும் கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் தள்ளினார்கள். 1981-இன் கடைசி அரைமணி அந்த இரு நாட்டு மக்களுக்கும் வரவே இல்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்த தமிழர்கள் பழைய ஆண்டுக்கு அரைமணி முன்னதாகவே விடைகொடுத்தார்கள்.

11.00-க்கு மியான்மர், 11.30-க்கு வங்கதேசம், 11.45-க்கு நேபாளம். பன்னிரண்டு மணிக்கு நாமும் இலங்கையும். நம் நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது. அதனால்தான் ஐந்தரை என்ற அரை. இலங்கையில் இந்த அரைக்கே ஒரு துயரமான வரலாறு உண்டு. 1996-இல் மின் தட்டுப்பாடு வந்தபோது மின்சாரத்தை மிச்சப்படுத்த அரசு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது, சில மாதங்களில் அரைமணியைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரைமணி 2006 ஏப்ரல் வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வடக்கு, கிழக்குப் பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய நேரத்திலேயே இருந்தன. ஆகவே அந்தப் பத்து ஆண்டுகளில் கொழும்பில் புத்தாண்டு பிறந்து அரைமணி கழித்துத்தான் வன்னியில் பிறந்தது. மேற்கே போகும் நேரக் கோடு அந்தச் சின்னத் தீவில் போர்முனையோடு சேர்ந்து வளைந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் கோட்டின் இரு பக்கமும் இருந்த காலம் அது.

நாம் உறங்கப் போன பிறகும் அது போய்க்கொண்டே இருக்கிறது. அதிகாலை ஒன்றரைக்கு துபாய், இரண்டரைக்கு மாஸ்கோ. நாலரைக்கு ஸ்பெயின், மத்ரித் நகரத்துச் சதுக்கத்தின் கடிகாரம் பன்னிரண்டு முறை அடிக்க, அடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு திராட்சையை விழுங்க வேண்டும். ஸ்பெயினுக்கே சொந்தமான கனரித் தீவுகளில் ஒரு மணி நேரம் கழித்து, லண்டனோடு சேர்ந்து, அது நடக்கும். பிறகு அட்லாண்டிக்கைக் கடக்கவேண்டும். காலை எட்டரைக்கு ரியோவின் கடற்கரையில் வெள்ளுடை உடுத்திய கூட்டம் அலைகளில் பூக்களை விடுகிறது. பத்தரைக்கு நியூயார்க். நம் மதிய உணவு முடிந்தபின், ஒன்றரைக்கு, லாஸ் ஏஞ்சல்ஸ். பிறகு மறுபடியும் பசிபிக்.

பிற்பகல் 3.30-க்கு ஹோனலூலுவில் புத்தாண்டு. தேதிக் கோட்டைத் தாண்டிப் பறக்கும் விமானங்கள் இங்கே விந்தையான கணக்கு காட்டும். 2017 டிசம்பர் 31 இரவு 11.55-க்கு ஆக்லாந்தை விட்டுக் கிளம்ப வேண்டிய விமானம் ஒன்று பத்து நிமிடம் தாமதித்து, 2018 ஜனவரி 1 பிறந்து ஐந்து நிமிடத்தில் கிளம்பியது. எட்டு மணி நேரத்துக்கு மேல் பறந்து ஹோனலூலுவில் இறங்கியபோது அங்கே 2017 டிசம்பர் 31 காலை பத்தேகால். குறித்த நேரத்தில் கிளம்பியிருந்தால் அதே ஆண்டில் புறப்பட்டு அதே ஆண்டில் சேர்ந்த சாதாரணப் பயணம். பத்து நிமிடத் தாமதம் பயணிகளைப் புதிய ஆண்டில் ஏற்றிப் பழைய ஆண்டில் இறக்கிவிட்டது.

மாலை 4.30-க்கு அமெரிக்கன் சமோவா. மக்கள் வாழும் இடங்களில் புத்தாண்டு கடைசியாக வருவது இங்கும் நியுயே என்ற சின்னஞ்சிறு தீவிலும்தான். முந்தின நாள் 4.30-க்கு நாம் சமோவா என்ற பெயரைச் சொன்னது நினைவிருக்கும். அந்தச் சமோவாவும் இந்த அமெரிக்கன் சமோவாவும் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள். தலைநகர் ஆப்பியாவிலிருந்து இந்தப் பக்கத்துப் பாகோ பாகோ ஏறத்தாழ 125 கிலோமீட்டர். சென்னைக்கும் திண்டிவனத்துக்கும் உள்ள தூரம். ஒரே மொழி, ஒரே இனம், இரு பக்கமும் உறவு. கடிகாரத்திலோ சரியாக 24 மணி நேரம் இடைவெளி.

சமோவா தேதிக் கோட்டை இரண்டு முறை கடந்த நாடு. 1892 வரை அது ஆசியப் பக்கத்துத் தேதியில் இருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவோடு வணிகம் செய்த அமெரிக்க வியாபாரிகள் அரசரை இணங்கவைத்து அமெரிக்கப் பக்கத்துக்கு மாற்றினார்கள். மாறுவதற்காக ஒரு நாளை இரண்டு முறை வாழ வேண்டியிருந்தது. அமெரிக்க விடுதலை நாளான ஜூலை 4 அந்த ஆண்டு சமோவாவில் இரண்டு முறை வந்தது. 119 ஆண்டுகள் கழித்து நிலைமை தலைகீழ். வணிகமும் வேலைக்குப் போன உறவினர்களும் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்தார்கள். சமோவாவில் வெள்ளி என்றால் அங்கே சனி, கடை மூடியிருக்கும். அங்கே திங்கள் என்றால் சமோவாவில் ஞாயிறு, எல்லோரும் தேவாலயத்தில். பிரதமர் துய்லாயிப்பா சாயிலேலேயின் அரசு பழைய பக்கத்துக்கே திரும்ப முடிவு செய்தது. 2011 டிசம்பர் 29 வியாழக்கிழமை நள்ளிரவு தேவாலய மணிகள் ஒலிக்க, விடிந்தபோது டிசம்பர் 31 சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை வரவில்லை. வராத நாளுக்கும் தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று அரசு ஆணையிட்டது. டிசம்பர் 30-இல் பிறந்தவர்களுக்கு அந்த ஆண்டு பிறந்த நாள் இல்லை.

இந்த மாற்றத்தில் என்னை மிகவும் யோசிக்கவைத்தவர்கள் அங்குள்ள ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்கள். வாரத்தின் ஏழாம் நாளான சனிக்கிழமைதான் அவர்களுக்கு ஓய்வு நாள். உலகம் படைக்கப்பட்டதிலிருந்து ஏழு ஏழாக இடைவிடாமல் எண்ணிவரும் நாள் அது. ஓர் இரவில் அரசு ஒரு வெள்ளிக்கிழமையை எடுத்துவிட்டது. விடியும் நாளுக்குச் சனி என்று பெயர், ஆனால் போன ஓய்வு நாளிலிருந்து எண்ணினால் அது ஆறாம் நாள். எதை நம்புவது, பெயரையா எண்ணிக்கையையா? சமோவாவில் அவர்களுடைய திருச்சபை எண்ணிக்கையை நம்பியது. அன்றிலிருந்து நாட்காட்டியில் ஞாயிறு என்று அச்சாகும் நாளில் கூடி வழிபடுகிறது. பெயரை நம்பிய சிலர் மாறுபட்டு, சனிக்கிழமையிலேயே தொடர்ந்தார்கள்.

அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட கிழக்குச் சமோவா நகரவில்லை. அதன் வேலைகள் எல்லாம் ஹோனலூலுவோடு. ஆகவே ஆப்பியாவில் உறவினரோடு நள்ளிரவுப் பிரார்த்தனைக்குப் போய்ப் புத்தாண்டைக் கண்ட ஒருவர், ஜனவரி 1 பகலில் சிறு விமானம் ஏறிப் பாகோ பாகோவில் இறங்கினால் அங்கே டிசம்பர் 31 பகல். அன்றிரவு அதே புத்தாண்டை மறுபடி காணலாம். எதிர்த்திசையில் போகிறவருக்கு இழப்பு. டிசம்பர் 31 மாலை ஐந்து மணிக்குப் பாகோ பாகோவில் ஏறுபவர் ஆப்பியாவில் இறங்கும்போது ஜனவரி 1 மாலை ஆகிவிடும். அவருடைய வாழ்வில் அந்த ஆண்டு நள்ளிரவு இல்லாமலே பிறந்துவிட்டது.

பாகோ பாகோவின் கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். நம் கடிகாரத்தில் ஜனவரி 1 பிற்பகல் 3.30 முதல் 4.30 வரை. பாகோ பாகோவில் டிசம்பர் 31 இரவு பதினொன்று தாண்டிவிட்டது. மக்கள் பழைய ஆண்டில் காத்திருக்கிறார்கள். நாம் ஜனவரி 1-இல் இருக்கிறோம். கிரிட்டிமாட்டியில் நள்ளிரவு தாண்டி ஜனவரி 2 பிறந்துவிட்டது. அந்த ஒரு மணி நேரம் மனிதர்கள் மூன்று தேதிகளில் வாழ்கிறார்கள். புத்தாண்டின் இரண்டாம் நாளைக் கண்டவர்களும் முதல் நாளையே காணாதவர்களும் ஒரே கடலில், சில மணி நேர விமானத் தொலைவில் இருக்கிறார்கள். புத்தாண்டுக்கு மட்டும் உரியதில்லை இது, ஆண்டின் எல்லா நாளும் பிற்பகல் மூன்றரைக்கு நடக்கிறது.

4.30-க்கு அமெரிக்கன் சமோவாவும் புத்தாண்டுக்குள் வந்துவிட்டால் மனிதர்கள் எல்லோரும் வந்தாயிற்று. இன்னும் ஒரு மணி நேரம் மீதி இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே பேக்கர், ஹவுலண்ட் என்ற இரு சிறு தீவுகள் உண்டு. கிரீனிச்சுக்கு 12 மணி பின்னே என்ற நேரம் பொருந்தும் நிலம் இவை மட்டுமே. அமெரிக்காவின் வனவிலங்குக் காப்பிடங்களான அந்தத் தீவுகளில் ஆள் நடமாட்டம் இல்லை, கடற்பறவைகள் மட்டும் கூடு கட்டுகின்றன. 1937-இல் உலகைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்த அமெலியா இயர்ஹார்ட் இறங்குவதற்காக ஹவுலண்டில் ஓர் ஓடுதளம் அமைத்துக் காத்திருந்தார்கள். அவருடைய விமானம் வந்து சேரவில்லை. அந்த ஓடுதளம் கிடந்த மணலில் நம் மாலை ஐந்தரைக்குப் புத்தாண்டு இறங்குகிறது. அப்போது கிரிட்டிமாட்டியின் லண்டனில் ஜனவரி 2, அதிகாலை இரண்டு மணி.